டிஸ்சார்ஜ் சம்மரியில் காணாமல் போன ஐந்து வரிகள்: ஒரு மகனின் கடிதமும் நாங்கள் கண்டதும்

தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர மருத்துவமனையின் தரக் கண்காணிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். புகார்ப் பெட்டியைத் திறப்பதும், கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும், என்ன நடந்தது என்று பின்னால் போய்ப் பார்ப்பதும் என் வேலை. கீழே வரும் கடிதத்தை எழுதியவரின் அனுமதியோடு, பெயரும் ஊரும் நீக்கித் தருகிறேன். இவ்வளவு துல்லியமான புகார் கடிதத்தை நான் அதற்கு முன் படித்ததில்லை.

நோயாளி 52 வயதுப் பெண். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கி, கடைசியில் அறுவை சிகிச்சை செய்து இயந்திர வால்வு பொருத்த வேண்டியதாயிற்று. இயந்திர வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் சாப்பிட வேண்டும். மருந்து குறைந்தால் வால்வில் ரத்தம் உறையும், கூடினால் உடம்பில் எங்காவது கசியும். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துவதற்கு ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. மருந்தே சாப்பிடாதவருக்கு அது 1 அளவில் இருக்கும். மைட்ரல் இயந்திர வால்வு வைத்தவருக்கு வழக்கமாக 2.5 முதல் 3.5 வரை வைத்திருக்கப் பார்ப்போம். இவர் வீட்டுக்குப் போன வியாழக்கிழமை ஐ.என்.ஆர். 2.3. வார்ஃபரின் தினமும் இரவு 5 மி.கி.

வந்த கடிதம்

"மதிப்பிற்குரிய மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அம்மாவுக்கு உங்கள் மருத்துவமனையில் வால்வு ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. டாக்டர்களுக்கும் ஐ.சி.யூ. சிஸ்டர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்த 13ஆம் நாள் காலை, பல் துலக்கும்போது அம்மாவுக்கு ஈறில் ரத்தம் வந்தது. நிற்கவே இல்லை. தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது. எங்கள் ஊர் லேபில் பார்த்தபோது ஐ.என்.ஆர். 7.1. அன்றைக்கே உங்களிடம் கொண்டுவந்து சேர்த்தோம். இப்போது நலமாக இருக்கிறார்.

டியூட்டி டாக்டர் என்னிடம், 'நாலாவது நாள் திங்கட்கிழமை ஐ.என்.ஆர். பார்க்கச் சொல்லியிருந்தோமே, ஏன் பார்க்கவில்லை?' என்று கேட்டார். எங்களிடம் யாரும் சொல்லவில்லை என்றேன். பில்லிங் பக்கத்தில் விசாரித்தால், அங்கிருந்த தம்பி கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டு, 'சம்மரியில் எழுதியிருக்கே சார்' என்றார். எங்கள் கையில் இருக்கும் தாளில் அப்படி எதுவும் இல்லை. 'மறுபரிசோதனை 4 வாரம் கழித்து' என்று மட்டும் தனியாக இருக்கிறது. அதைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டிருந்தோம். இடையில் முட்டி வலி என்று அம்மா கேட்டதால் மெடிக்கலில் வலி மாத்திரையும் வாங்கிக் கொடுத்தோம். அது கூடாது என்பதும் இப்போதுதான் தெரிகிறது.

நான் 22 வருஷமாக அச்சகம் வைத்திருக்கிறேன். அதனால் வீட்டுக்குப் போய் அந்தத் தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 'வீட்டில் கவனிக்க வேண்டியவை' என்ற கட்டத்தில் ஐந்தாவது குறிப்பு முழுதாக முடிந்திருக்கிறது. அதற்குக் கீழே, கட்டத்தின் அடிக்கோட்டை ஒட்டி, தூசி மாதிரி சில புள்ளிகள். டோனர் சிந்தியது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் டோனர் வரிசையாகச் சிந்தாது. ஒரு புள்ளி, ஒரு வளைவு, இரண்டு புள்ளி, மறுபடி ஒரு வளைவு, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் நான்கு புள்ளிகள், கடைசியில் ஒரு வளைவு. அவை மெய்யெழுத்தின் புள்ளியும், 'தி', 'கி' போன்ற எழுத்தின் மேல்விலங்கும். அதாவது அங்கே ஒரு வரி இருக்கிறது, அதன் தலை மட்டும் அச்சாகியிருக்கிறது. அதற்குக் கீழே இன்னும் எத்தனை வரி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

பேஜ்மேக்கரில் கட்டத்துக்குள் அடங்காத எழுத்து மிச்சம் இருந்தால் அடியில் சிவப்பு முக்கோணம் காட்டும். எங்கள் கடைக்கு வந்த பையன் முதல் வாரமே அதைப் பார்க்கக் கற்றுக்கொள்வான். உங்கள் சாஃப்ட்வேர் எதையும் காட்டவில்லை போலிருக்கிறது.

தாளின் போட்டோவை ஸ்கேல் வைத்து எடுத்து இணைத்திருக்கிறேன். மூலத் தாள் என்னிடம் இருக்கிறது, கேட்டால் காட்டுவேன், கொடுக்க மாட்டேன். எனக்கு நஷ்ட ஈடு வேண்டாம். இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அந்த வரிகளில் என்ன இருந்தது? எங்களைப் போல வேறு யார் கையில் இப்படித் தாள் இருக்கிறது?

இப்படிக்கு, ..."

முதலில் நாங்கள் பார்த்தது வேறு தாள்

கடிதம் வந்த அன்று நானும் அந்த பில்லிங் தம்பி செய்ததையேதான் செய்தேன். சிஸ்டத்தில் நோயாளியின் எண்ணைப் போட்டு சம்மரியைத் திறந்தேன். எட்டுக் குறிப்புகளும் இருந்தன. ஆறாவது, ஐ.என்.ஆர். திங்கட்கிழமை. ஏழாவது, கடையில் வலி மாத்திரை வாங்கிச் சாப்பிடக் கூடாது. எட்டாவது, ரத்தக் கசிவு தெரிந்தால் உடனே வரவும். பிரின்ட் போட்டுப் பார்த்தேன். அதிலும் எட்டும் இருந்தன. "தாளின் அடியை யாரோ கிழித்திருப்பார்களோ" என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போதும் வருத்தப்படுகிறேன்.

போட்டோவைப் பக்கத்தில் வைத்த பிறகுதான் புரிந்தது. நான் பிரின்ட் போட்டது கோப்புக்கான ஆங்கிலப் பிரதி. அவர் கையில் இருந்தது நோயாளிக்கான தமிழ்ப் பிரதி. எட்டு மாதம் முன்புவரை எல்லாருக்கும் ஆங்கிலத்தில்தான் கொடுத்துவந்தோம். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் தரநிலை, டிஸ்சார்ஜ் சம்மரியில் தொடர் சிகிச்சையும் மருந்தும், அவசரத்துக்கு எப்போது எப்படி வர வேண்டும் என்பதும் நோயாளிக்குப் புரியும்படி இருக்க வேண்டும் என்கிறது. அதற்காகத்தான் தமிழ்ப் பிரதியைக் கொண்டுவந்தோம். நல்ல வேலைதான். ஆனால் அதற்குப் புது டெம்ப்ளேட் செய்யவில்லை. ஆங்கில டெம்ப்ளேட்டை அப்படியே நகல் எடுத்து, உள்ளே இருந்த எழுத்தை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

டாக்டர் திரையில் படித்து ஒப்புதல் கொடுக்கிறார். திரையில் அது உருட்டிப் படிக்கும் கட்டம், எத்தனை வரி இருந்தாலும் தெரியும். பிரின்டரிலிருந்து வரும் தாளை எடுத்துக் கவரில் போடுபவர் வார்டு கிளார்க். ஸ்டாஃப் நர்ஸ் மருந்துகளை விளக்குகிறார். அன்று மாலை 7 மணிக்கு அவர் விளக்கியபோது மகன் பில் கட்டும் வரிசையில் நின்றிருந்தார், கேட்டது மருமகள். நர்ஸ் ஐ.என்.ஆர். பற்றிச் சொன்னதாகச் சொல்கிறார், மருமகளுக்கு நினைவில்லை. இதில் யார் சொல்வது சரி என்று நான் துருவவில்லை. வீட்டுக்குப் போன பிறகு ஞாபகத்துக்குப் பதிலாக இருப்பதற்குத்தானே அந்தத் தாள். அச்சான தாளை, அச்சான நிலையில், கடைசி வரிவரை யாரும் படிக்கவில்லை என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது.

அன்று மாலை தமிழ்ப் பிரதியை பிரின்ட் போட்டு, ஆறாவது குறிப்பின் முதல் வரியை ஒரு டிரேசிங் தாளில் எழுதி அந்தப் புள்ளிகளின் மேல் வைத்துப் பார்த்தேன்: "வரும் திங்கட்கிழமை காலை ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை". 'ம்' மேல் புள்ளி. 'தி' மேல் வளைவு. 'ங்', 'ட்' இரண்டு புள்ளி. 'கி' வளைவு. 'ழமை காலை ஐ' வரும் இடத்தில் மேலே ஒன்றும் இல்லை, அதுதான் அவர் சொன்ன இடைவெளி. பிறகு 'ன்', 'ர்', 'த்', 'ப்' நான்கு புள்ளிகள். கடைசியில் 'ரி'. அவர் கடிதத்தில் எண்ணியிருந்தது ஒன்றுகூடப் பிசகவில்லை.

கட்டத்தின் கணக்கு

எங்கள் சாஃப்ட்வேர் பிரவுசரில் ஓடுவது. தாளின் அமைப்பு ஒரு வலைப்பக்கம் போலத்தான் எழுதப்பட்டிருக்கிறது. சாஃப்ட்வேர் கம்பெனியின் பொறியாளர் திறந்து காட்டிய இடம் இது:

```
.advice {
  height: 60mm;
  font-size: 11pt;
  overflow: hidden;
}
```

கட்டத்தின் உயரம் 60 மில்லிமீட்டர். அதற்குள் அடங்காததை மறை என்பது கடைசி வரிக்குப் பொருள். மறைத்ததை எங்கும் சொல்லச் சொல்லி அதில் ஒன்றும் இல்லை.

ஏன் இப்படி வைத்தார்கள் என்று கேட்டதற்குக் காரணம் இருந்தது. எங்கள் லெட்டர்ஹெட் முன்கூட்டியே அச்சடித்தது. அடியில் அவசரத் தொலைபேசி எண் இருக்கும், அதற்கு மேல் டாக்டர் கையெழுத்துக்கு இடம். கட்டம் வளர்ந்தால் கையெழுத்து இடம் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளப்படும். முதல் பக்கத்திலேயே கையெழுத்து வர வேண்டும் என்று கேட்டது எங்கள் மருத்துவமனைதான். பல வருஷம் முன்னால் கேட்டது. அதற்காகக் கட்டத்தைப் பூட்டியிருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இது பிரச்சினை தரவில்லை. 11 பாயின்ட் எழுத்துக்கு வரியின் உயரம் 1.2 மடங்கு, அதாவது 13.2 பாயின்ட், கிட்டத்தட்ட 4.66 மி.மீ. 60 மி.மீ.க்குள் 12 வரி வரும். இந்த நோயாளியின் ஆங்கில அறிவுரை 10 வரிதான். தமிழில் மேலே புள்ளியும் விலங்கும், கீழே உகர ஊகாரக் கொக்கிகளும் வருவதால் வரிகள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க, உயரத்தை 1.5 மடங்காக்கியிருந்தார்கள். அது 16.5 பாயின்ட், அதாவது 5.82 மி.மீ. அதே கட்டத்தில் 10 வரிதான் முழுதாக அடங்கும். 58.2 மி.மீ. போக மிச்சம் 1.8 மி.மீ. பதினோராவது வரியின் புள்ளிகளும் வளைவுகளும் தெரிந்தது அந்த 1.8 மில்லிமீட்டரில்தான். தமிழ் அறிவுரை மொத்தம் 15 வரி. ஐந்து போய்விட்டது.

மிக மோசமான விஷயம், பத்தாவது வரியில் ஐந்தாவது குறிப்பு ஒழுங்காக முற்றுப்புள்ளியோடு முடிந்ததுதான். ஒரு வாக்கியம் பாதியில் நின்றிருந்தால் மகன் அன்றைக்கே கேட்டிருப்பார். 'இருமும்போது நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவும், இரண்டு கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம்' என்று முடிந்த பட்டியல் யாருக்கும் குறையாகத் தெரியாது.

அப்புறம், எது கடைசியில் இருந்தது என்பது. டாக்டர்கள் பழக்கமாக, புண் பராமரிப்பு, மூச்சுப் பயிற்சி, சாப்பாடு, குளியல் என்று தொடங்கி, ரத்தப் பரிசோதனையையும் எச்சரிக்கையையும் கடைசியில் எழுதுவார்கள். வாயால் சொல்லும்போது அது சரி, கடைசியில் சொன்னது மனதில் நிற்கும். ஆனால் வெட்டுப்படும் தாளில் முதலில் பலியாவது கடைசி வரி.

வார்ஃபரின் தொடங்கிய புதிதில் ஐ.என்.ஆர். நிலையாக நிற்காது. ஒரு அளவைத் தொடங்கினால் அதன் முழு விளைவு தெரிய ஒரு வாரம் வரை ஆகும். ஆபரேஷன் முடிந்து பசி இல்லாமல் கஞ்சியும் ரசமுமாக இருக்கும்போது கீரை, காய்கறி வழியாக வரும் வைட்டமின் கே குறையும், மருந்தின் பிடி இறுகும். ஆன்டிபயாடிக்கும் அதைக் கூட்டலாம். 2.3இல் வீட்டுக்குப் போனவர் அதே அளவு மருந்தில் 7ஐத் தாண்டுவது அதிசயம் அல்ல. அதைப் பிடிக்கத்தான் அந்தத் திங்கட்கிழமைப் பரிசோதனை. கடையில் வாங்கும் வலி மாத்திரைகளில் பலவும் வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கும், தட்டணுக்களின் வேலையையும் கெடுக்கும். வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம் வெகுவாகக் கூடும். இந்த அம்மாவுக்கு வயிற்றில் கசியாமல் ஈறோடு நின்றது. டாக்டர் வார்ஃபரினை நிறுத்தி, மிகக் குறைந்த அளவு வைட்டமின் கே-யை வாய்வழி கொடுத்தார். இயந்திர வால்வு இருப்பதால் தாராளமாகக் கொடுக்க முடியாது, ஐ.என்.ஆர். ஒரேயடியாக இறங்கினால் வால்வில் உறையும். மூன்றாம் நாள் 3.0க்கு வந்தது. குறைத்த அளவில் மருந்தை மறுபடி தொடங்கி அனுப்பினோம்.

அவருடைய இரண்டாவது கேள்வி

வேறு யார் கையில் இப்படித் தாள் இருக்கிறது? இதற்குப் பதில் தெரியாமல் அவருக்குக் கடிதம் எழுதக் கூடாது என்று முடிவு செய்தோம். எட்டு மாதத் தமிழ்ப் பிரதிகளையும் கையால் பிரின்ட் போட்டுப் பார்ப்பது நடக்காது. பொறியாளர் ஒரு வழி சொன்னார். கட்டத்தின் உள்ளே இருக்கும் எழுத்தின் முழு உயரமும், கண்ணுக்குத் தெரியும் உயரமும் பிரவுசருக்குத் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டால் போதும்:

```
if (el.scrollHeight > el.clientHeight) {
  cut.push(patientId);
}
```

பழைய பிரதிகளை ஒவ்வொன்றாக அச்சு அகலத்திலேயே திறந்து இதை ஓட்டினோம். திரையின் அகலத்தில் ஓட்டினால் வரிகள் வேறு இடத்தில் மடங்கும், எண்ணிக்கை தப்பாகிவிடும். வந்த பட்டியலில் வார்ஃபரின், இன்சுலின், வலிப்பு மருந்து, படிப்படியாகக் குறைக்க வேண்டிய ஸ்டீராய்டு ஆகியவை இருந்தவர்களை முதலில் பிரித்தோம். அன்று மாலையே போன் செய்யத் தொடங்கினோம்.

போனில் "உங்கள் சம்மரி சரியாக இருக்கிறதா" என்று கேட்டால் எல்லாரும் "இருக்கும்மா" என்றுதான் சொல்வார்கள். அதனால், "தாளை எடுத்துக்கொள்ளுங்கள், அந்தக் கட்டத்தின் கடைசி வரியைப் படியுங்கள்" என்று கேட்டோம். படித்த வரியும் எங்கள் பதிவில் இருந்த கடைசி வரியும் ஒன்றாக இல்லாதபோது, விடுபட்டதை மெதுவாகச் சொல்லி, அவர்களையே திருப்பிச் சொல்லச் சொன்னோம். புதுப் பிரதியைத் தபாலில் அனுப்பினோம். வார்ஃபரின் சாப்பிடுபவர்களில் இரண்டு பேர் ஐ.என்.ஆர். பார்க்காமலே இருந்தார்கள். மறுநாளே வரவழைத்தோம். ஒருவருக்குக் கூடுதலாக இருந்தது. இன்னொருவருக்கு 1.4, அதுவும் அதே அளவு பயமானது.

திருத்தமும் அதில் வந்த தடுமாற்றமும்

முதல் திருத்தம் அவசரத்தில் செய்தது. மறை என்ற கட்டளையை எடுத்துவிட்டார்கள், உயரம் அப்படியே இருந்தது. எழுத்து கட்டத்தைத் தாண்டி வழிந்து, டாக்டர் கையெழுத்தின் மேலேயே அச்சானது. படிக்க முடியவில்லை. பிறகு இப்படி மாற்றினோம்:

```
.advice {
  min-height: 60mm;
  overflow: visible;
}
```

60 மி.மீ. இனிமேல் குறைந்தபட்ச உயரம். எழுத்து கூடினால் கட்டம் வளரும், கையெழுத்து அடுத்த பக்கத்துக்குப் போகும். போகட்டும் என்று டாக்டர்களிடம் பேசிச் சம்மதம் வாங்கினோம். இரண்டாம் பக்கம் தனியாகப் பிரிந்து தொலையாமல் இருக்க ஒவ்வொரு பக்கத்திலும் நோயாளியின் பெயர், எண், 'பக்கம் 1 / 2' என்பது வரும்.

ஆனாலும் இன்னொரு வழியில் வெட்டுப்படலாம். வார்டு கம்ப்யூட்டர் ஒன்றில் தாளின் அளவு லெட்டர் என்று இருந்தது. லெட்டர் தாள் 279 மி.மீ. உயரம், நாம் வைப்பது ஏ4, 297 மி.மீ. அந்த 18 மி.மீ. குழப்பத்தில் அடிப்பகுதி எங்கே போகும் என்பது பிரின்டரைப் பொறுத்தது. எல்லா வார்டிலும் போய் ஏ4 என்று மாற்றினேன். புது கம்ப்யூட்டர் வந்தால் மறுபடி மாறிவிடும் என்பதும் தெரியும்.

அதனால் வெட்டுப்பட்டால் தாளே காட்டிக்கொடுக்கும்படி ஒரு அடையாளம் வைத்தோம். அந்தச் சிவப்பு முக்கோணத்தைப் படித்தபோது தோன்றிய யோசனை. கட்டத்தின் தலையில் 'மொத்தம் 8 குறிப்புகள்' என்று வரும். இந்த எண்ணை யாரும் தட்டச்சு செய்வதில்லை, பதிவிலிருந்து தானாக வருகிறது. கடைசிக் குறிப்பின் கீழே '— அறிவுரை முடிந்தது —'. இதிலும் ஒரு தப்பு நடந்தது. பொறியாளர் அந்த முடிவு வரியைக் கட்டத்துக்கு வெளியே, கையெழுத்துக்கு மேலே நிலையாக வைத்துவிட்டார். சோதனைக்காகப் பழைய பூட்டிய கட்டத்தை மீண்டும் போட்டு 15 வரியை அச்சடித்தபோது, பத்து வரிக்குக் கீழே 'அறிவுரை முடிந்தது' என்று அழகாக வந்தது. இல்லாத முழுமைக்கு நாமே சான்று கொடுப்பது போல ஆகிவிட்டது. முடிவு வரி, கடைசிக் குறிப்போடு அதே ஓட்டத்தில், அதே கட்டத்துக்குள் இருக்க வேண்டும். குறிப்பு வெட்டுப்பட்டால் அதுவும் சேர்ந்து வெட்டுப்படும், அப்போதுதான் அது இல்லாததே செய்தியாகும். மாற்றி வைத்து, மறுபடி பூட்டிய கட்டத்தில் அச்சடித்து, காணாமல் போவதைப் பார்த்த பிறகுதான் வார்டுக்கு அனுப்பினோம்.

வார்டு கிளார்க் இப்போது தாளைக் கவரில் போடும் முன் இரண்டு இடம் பார்க்கிறார்: தலையில் உள்ள எண், அடியில் உள்ள முடிவு வரி. நர்ஸ் திரையைப் பார்த்து விளக்குவதை நிறுத்திவிட்டு, நோயாளிக்குக் கொடுக்கப்போகும் அதே தாளைக் கையில் வைத்து விளக்குகிறார். ரத்தப் பரிசோதனைத் தேதியும் எச்சரிக்கைகளும் பட்டியலின் முதலிடத்துக்கு வந்துவிட்டன.

மகனுக்கு எழுதிய பதிலில் முதல் பத்தியிலேயே அவர் கேட்ட ஐந்து வரிகளையும் முழுதாக எழுதினோம். "சம்மரியில் எழுதியிருக்கே" என்று எங்கள் ஊழியர் சொன்னது தவறு, உங்கள் தாளில் அது இல்லை என்றும் எழுதினோம். டிரேசிங் தாளின் நகலையும் இணைத்தேன். பத்து நாள் கழித்து அம்மாவோடு ஐ.என்.ஆர். பார்க்க வந்தார், 2.8. புது சம்மரியை வாங்கியதும் எட்டுக் குறிப்பையும் விரல் வைத்து எண்ணினார். அப்புறம் பிசியோதெரபி பயிற்சித் தாளை நீட்டி, "இதையும் பாருங்க மேடம், இதுலயும் கட்டம் இருக்கு" என்றார். பார்த்தேன். 45 மி.மீ., அதே பூட்டு. அதை இந்த வாரம் திறக்கிறோம். லேப் ரிப்போர்ட்டின் குறிப்புக் கட்டம் இன்னும் பாக்கி.